சதுரங்கப் பலகைக்கு 2, சாய்கோட்டுக்கு 512: எஸ்விடி ஒரு படத்தைச் சுருக்கும் விதம்

பொறியியல் படிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "512-க்கு 512 அளவுள்ள கருப்பு வெள்ளைப் படம் ஒன்றை எஸ்விடி முறையில் 50 அடுக்குகளுக்குச் சுருக்கினேன். கணக்குப்படி ஐந்தில் ஒரு பங்காகக் குறைய வேண்டும். சேமித்துப் பார்த்தால் கோப்பு அசலைவிட ஒன்றரை மடங்கு பெரிதாகிவிட்டது. இதுதான் மிகச் சிறந்த சுருக்கம் என்று புத்தகத்தில் நிரூபணமே இருக்கிறதே?"

நிரூபணம் சரி, அவர் போட்ட கணக்கும் சரி. இரண்டும் சரியாக இருந்தும் கோப்பு ஏன் பெருத்தது என்று பார்க்கப் போனால், எஸ்விடி எனப்படும் சிங்குலர் வேல்யூ டீகம்போசிஷன் ஒரு படத்தை எப்படிப் பார்க்கிறது என்பதே விளங்கிவிடும்.

கருப்பு வெள்ளைப் படம் என்பது எண்களால் ஆன ஓர் அணி. ஒவ்வொரு பிக்சலுக்கும் ஓர் எண். 0 என்றால் கருப்பு, 255 என்றால் வெள்ளை. எஸ்விடி இந்த அணியைப் பல அடுக்குகளின் கூட்டலாகப் பிரிக்கிறது:

A = σ₁u₁v₁ᵀ + σ₂u₂v₂ᵀ + σ₃u₃v₃ᵀ + …

ஒவ்வொரு அடுக்கிலும் மூன்று பொருள்கள். மேலிருந்து கீழாக ஓடும் ஓர் எண் வரிசை u, இடமிருந்து வலமாக ஓடும் ஓர் எண் வரிசை v, அந்த அடுக்கின் எடை σ. நெசவில் பாவும் ஊடையும் சந்திக்கும் இடத்தில் துணியின் நிறம் அமைவதுபோல, u-வின் ஓர் எண்ணும் v-யின் ஓர் எண்ணும் சந்திக்கும் பிக்சலில் அவற்றின் பெருக்கல் பலன் விழுகிறது. எடைகள் பெரியதிலிருந்து சிறியதாக இறங்கு வரிசையில் நிற்கும். முதல் சில அடுக்குகளை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவதுதான் சுருக்கம்.

இதை எட்டுக்கு எட்டுச் சதுரங்கப் பலகையில் செய்து பார்ப்போம். வெளிர் கட்டத்துக்கு 200, அடர் கட்டத்துக்கு 100. மொத்தம் 64 எண்கள். முதல் அடுக்கில் u, v இரண்டிலும் எல்லா எண்களும் 1/√8, எடை 1200. பெருக்கினால் ஒவ்வொரு கட்டத்திலும் 1200/8, அதாவது 150 விழும். பலகை முழுவதும் ஒரே சாம்பல் நிறம். இரண்டாம் அடுக்கில் u, v இரண்டும் +1/√8, −1/√8 என மாறி மாறி வரும், எடை 400. குறிகள் ஒத்துப்போகும் கட்டத்தில் +50, ஒத்துப்போகாத கட்டத்தில் −50. இரண்டு அடுக்குகளையும் கூட்டினால் 200, 100, 200, 100 என்று முழுப் பலகையும் அச்சு அசலாக வந்துவிடுகிறது. மூன்றாம் அடுக்குக்கு வேலையே இல்லை, அதன் எடை பூஜ்யம். பள்ளிப் பாடத்தின் மொழியில் சொன்னால் இந்த அணியின் தரம் 2. இதே கட்டங்களை 512-க்கு 512 படமாகப் பெரிதாக்கினாலும் தரம் 2-தான். 2,62,144 எண்களுக்குப் பதில் 2,050 எண்கள் போதும்.

இந்தச் சின்னப் பலகையிலேயே ஒரு பொறி ஒளிந்திருக்கிறது. எஸ்விடி பற்றிய பாடங்கள் பலவற்றில் "90 சதவீத ஆற்றல் வரும்வரை அடுக்குகளைச் சேருங்கள்" என்ற விதி இருக்கும். ஆற்றல் என்பது எடைகளின் வர்க்கங்களின் கூட்டல். நம் பலகையில் அது 1200² + 400² = 16,00,000. முதல் அடுக்கு மட்டும் 14,40,000, அதாவது சரியாக 90 சதவீதம். விதிப்படி அங்கேயே நிறுத்தலாம். நிறுத்தினால் கிடைப்பது ஒரு கட்டம்கூட இல்லாத சாம்பல் சதுரம். தொலைந்துபோன 10 சதவீதத்தில்தான் பலகையே இருந்தது!

பிக்சல் மதிப்புகளில் எதிர்ம எண் கிடையாது. அதனால் சாதாரணப் புகைப்படங்களில் முதல் அடுக்கின் பெரும்பகுதி படத்தின் பொதுவான வெளிச்சத்தைச் சொல்வதிலேயே போய்விடுகிறது. ஆற்றல் சதவீதமும் அதனால் ஊதிப்போகிறது. படத்தின் சராசரியை முதலில் கழித்துவிட்டு எஸ்விடி செய்தால் அந்தச் சதவீதம் ஓரளவு நம்பத்தக்கதாகிறது. பலகையில் 150-ஐக் கழித்தால் மிஞ்சுவது ஒரே அடுக்கு, எடை 400. அதை விட்டால் 0 சதவீதம், வைத்தால் 100.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடம். வெள்ளைச் சுவர், அதன்மேல் கருப்பு ஜன்னல் கம்பிகள். நெடுக்கே எத்தனை வேண்டுமானாலும், குறுக்கே எத்தனை வேண்டுமானாலும். இந்தப் படத்தின் தரம் என்ன? 1-தான். கம்பி ஓடும் நிரையில் u பூஜ்யம், கம்பி ஓடும் நிரலில் v பூஜ்யம், மற்ற இடங்களில் இரண்டும் பூஜ்யமல்ல. பெருக்கினால் கம்பிகள் எல்லாம் தாமாகவே கருப்பாகிவிடுகின்றன. நிறங்களைத் தலைகீழாக்கி, கருப்புப் பின்னணியில் வெள்ளைக் கம்பிகள் வைத்தால் தரம் 2 ஆகும்.

அதே கருப்புப் பின்னணியில் மூலையிலிருந்து மூலைக்கு ஒரு பிக்சல் அகலத்தில் ஒரே ஒரு வெள்ளைச் சாய்கோடு போடுங்கள். கண்ணுக்கு இதைவிட எளிய படம் கிடையாது. ஆனால் இது 255-ஆல் பெருக்கிய அலகு அணி. இதன் 512 எடைகளும் 255, ஒன்றுகூடக் குறையாது. எல்லாம் சமமாக இருக்கும்போது எதை விடுவது? 50 அடுக்குகளை வைத்துக்கொண்டால் கோட்டின் ஆற்றலில் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. கிடையாகக் கிடந்தபோது ஓர் அடுக்கில் அடங்கிய கோடு, 45 பாகை சாய்ந்ததும் 512 அடுக்குகளைக் கேட்கிறது.

எஸ்விடிக்குத் தெரிந்த திசைகள் கிடையும் நெடுக்கும் மட்டுமே. அதனால்தான் கட்டடங்களின் முகப்பு சில அடுக்குகளிலேயே தெளிந்துவிடுகிறது, முடியும் இலையும் சாய்ந்த கூரையும் பல அடுக்குகள் வந்தபிறகும் கலங்கியே நிற்கின்றன. அடுக்குகள் போதவில்லை என்பதை ஒரு பார்வையில் கண்டுபிடிக்கலாம்: பிரகாசமான ஒரு புள்ளி இருந்தால் அதன் நேர் மேலும் கீழும், நேர் இடமும் வலமும் படத்தின் ஓரம்வரை மெல்லிய பட்டைகள் ஓடும்.

செய்து பார்க்க விரும்புபவர்களுக்கு:

```python
import numpy as np
from PIL import Image

A = np.asarray(Image.open("photo.png").convert("L"), dtype=float)
m = A.mean()
U, s, Vt = np.linalg.svd(A - m, full_matrices=False)
k = 50
B = (U[:, :k] * s[:k]) @ Vt[:k] + m
B = np.clip(B, 0, 255).round().astype(np.uint8)
Image.fromarray(B).save("k50.png")
```

`np.clip` உள்ள வரியை விட்டுவிடாதீர்கள். அடுக்குகளைக் குறைத்ததால் சில பிக்சல்கள் −5 என்றோ 260 என்றோ வரும். அவற்றை அப்படியே 8 பிட்டாக மாற்றினால் −5 என்பது பொதுவாக 251 ஆகிவிடும். கருநிழல் பகுதிகளில் வெள்ளைப் புள்ளிகள் தெறித்திருந்தால் காரணம் இதுதான். இன்னொன்று, `k50.png` என்பது மீண்டும் முழுப் படம். அதன் கோப்பு அளவு எஸ்விடியின் சிக்கனத்தைக் காட்டாது. சுருக்கிய வடிவம் என்பது U, s, Vt ஆகியவற்றின் முதல் 50 அடுக்குகளும் சராசரியும் மட்டும்.

வாசகி சேமித்ததும் அந்த 50 அடுக்குகளைத்தான். ஓர் அடுக்குக்கு 512 + 512 + 1 = 1,025 எண்கள். 50 அடுக்குகளுக்கு 51,250. இது 2,62,144-இல் ஐந்தில் ஒரு பங்கு என்பது உண்மை. ஆனால் ஒரு பிக்சலுக்கு ஒரு பைட் போதும். பைத்தானின் நம்பை நூலகம் தரும் எண் ஒவ்வொன்றும் 8 பைட் பிடிக்கும் தசம எண். 51,250 × 8 = 4,10,000 பைட். அசல் 2,62,144 பைட். ஒன்றரை மடங்கு அப்படி வந்ததுதான். 4 பைட் எண்களாக மாற்றினால் 2,05,000 பைட்டாகும், லாபம் கொஞ்சம்தான். 63 அடுக்குகளைத் தாண்டினால் அந்த லாபமும் போய்விடும். எடை குறைந்த அடுக்குகளுக்குக் குறைந்த பிட்கள் ஒதுக்கி இதைச் சீராக்க முடியும். 1976-இலேயே ஆண்ட்ரூஸ், பேட்டர்சன் என்ற இருவர் எஸ்விடி வழியான படக் குறியாக்கம் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள்.

புத்தகத்தில் உள்ள நிரூபணம் 1936-இல் எக்கார்ட், யங் இருவரும் தந்தது. தரம் k உள்ள எல்லா அணிகளிலும், பிழைகளின் வர்க்கக் கூட்டல் மிகக் குறைவாக இருப்பது எஸ்விடியின் முதல் k அடுக்குகளுக்குத்தான் என்கிறது அது. பைட்டுகளைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. ஒவ்வொரு படத்துக்கும் எஸ்விடி அதற்கே உரிய u, v வரிசைகளைத் தைத்துத் தருகிறது. பெறுபவருக்கு அந்த வரிசைகள் தெரியாது, எனவே அவற்றையும் சேர்த்து அனுப்பியாக வேண்டும். செலவு முழுக்க அங்கேதான்.

ஜேபெக் இதை வேறு வழியில் கையாள்கிறது. படத்தை எட்டுக்கு எட்டுக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொன்றையும் 64 கொசைன் வடிவங்களின் கலவையாக எழுதுகிறது. அந்த வடிவங்கள் உலகத்தில் எல்லாப் படத்துக்கும் ஒன்றே. அனுப்புபவரிடமும் பெறுபவரிடமும் முன்கூட்டியே இருக்கின்றன. எதை எவ்வளவு கலப்பது என்பதை மட்டும் அனுப்பினால் போதும். ஒரு குறிப்பிட்ட படத்துக்கு அவை மிகச் சிறந்த வடிவங்கள் அல்ல, ஆனால் அவற்றை அனுப்பும் செலவு பூஜ்யம்.

இந்தக் கொசைன் உருமாற்றத்தை யோசித்தவர் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது. 1972-இல் அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் இதற்கு நிதி கேட்டார், கிடைக்கவில்லை. யோசனை மிகவும் எளிமையாக இருக்கிறது என்று மதிப்பீட்டாளர் ஒருவர் கருதியதாக அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். நிதி இல்லாமலே 1973 கோடையில் அதில் உழைத்தார், நடராஜன், கே. ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து 1974 ஜனவரியில் கட்டுரை வெளிவந்தது. எளிமையை ஒரு குறையாக எண்ணி மதிப்பெண் குறைக்கும் வழக்கம் நம் ஊர் ஆய்வு நிதிக் குழுக்களிலும் ஒழிய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கணக்கில் எளிமையாக இருந்ததால்தான் அந்த உருமாற்றம் மலிவான சில்லுகளிலும் ஓடியது.

அப்படியானால் எஸ்விடி படங்களுக்கு உதவாதா? u, v வரிசைகளின் செலவைப் பல படங்கள் பகிர்ந்துகொண்டால் நன்றாகவே உதவும். ஒரே அளவில் வெட்டி, கண்ணும் மூக்கும் ஒரே இடத்தில் வரும்படி வைத்த 1,000 முகப்படங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் 64-க்கு 64, அதாவது 4,096 பிக்சல். ஒரு படத்தை ஒரே நிரலாக நீட்டி, ஆயிரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் ஒரு பெரிய அணி கிடைக்கும். அதற்கு எஸ்விடி செய்து 50 அடுக்குகள் எடுத்தால், u வரிசைகள் ஒவ்வொன்றும் மங்கலான ஒரு முகம்போல இருக்கும். இங்கே கிடை, நெடுக்கு என்ற கட்டுப்பாடும் மறைந்துவிடுகிறது, சாய்ந்த புருவத்துக்குத் தனி அபராதம் இல்லை. 50 பொது முகங்களுக்கு 2,04,800 எண்கள், அதன்பின் ஆளுக்கு 50 எண்கள் வீதம் 50,000. மொத்தம் 2,54,800; அசலில் இருந்தவை 40,96,000. 1987-இல் சிரோவிச், கிர்பி இருவரும் முகப்படங்களைச் சுருக்கமாக எழுத இந்த வழியைக் காட்டினார்கள். 1991-இல் டர்க், பென்ட்லண்ட் இருவரும் அந்த எண்களை ஒப்பிட்டே ஆளை அடையாளம் காணலாம் என்று காட்டினார்கள்.