சிவப்புக் கோடு வரவில்லை என்றால் விரிசல் இல்லை என்று ஆகிவிடாது

சிங்கப்பூரின் துவாஸ் கப்பல் பட்டறைகளில் வெல்டிங் சோதனைக்குப் போகும்போது, "சிவப்பு மருந்து அடித்துப் பார்த்தாயிற்று, கோடு எதுவும் இல்லை" என்ற பேச்சு அடிக்கடி காதில் விழும். அந்தப் பேச்சு எவ்வளவு தூரம் செல்லும் என்பதை, 25 மி.மீ. கனமுள்ள இரண்டு கார்பன் எஃகுத் தகடுகளை ஒரு பக்கத்திலிருந்து V வடிவில் சேர்த்த இணைப்பை வைத்துப் பார்ப்போம்.

டை பெனட்ரண்ட் எனப்படும் இந்தச் சிவப்பு மருந்து, வாய் திறந்திருக்கும் விரிசலுக்குள் மட்டுமே ஊறும். வெல்டிங் ஓரத்தைக் கிரைண்டரால் அழுத்தித் தேய்க்கும்போது உலோகம் இழுபட்டு விரிசலின் வாயை மூடிவிட்டால், மருந்து உள்ளே இறங்காது. ஊறிய மருந்தை வெளியே இழுத்துக் காட்ட மேலே பூசும் டெவலப்பரும் வெள்ளையாகவே இருக்கும். நம் ஊர் நண்பகல் வெயிலில் தளத்தின் எஃகு எளிதில் சூடேறுவதால், வழக்கமான மேல் வரம்பாகிய 52 டிகிரியைத் தாண்டி மருந்து ஊறுமுன்னே உலரவும் கூடும். மிச்ச மருந்தைத் துடைக்கும்போது கரைப்பானைத் துணியில் நனைக்காமல் இணைப்பின்மேலேயே பீய்ச்சுவது இன்னொரு கேடு. விரிசலுக்குள் இருந்ததும் கழுவுண்டு போகும்.

வாய் மூடிய அந்த விரிசலைக் காந்தத்துகள் சோதனை காட்டிவிடும். மேற்பரப்பில் ஓடும் காந்தப்புலம் விரிசலில் தடைபட்டு வெளியே கசிய, அங்கே கறுப்புத் துகள்கள் கோடாகச் சேரும். ஆனால் புலம் விரிசலைக் குறுக்கே வெட்ட வேண்டும். புலத்தை உண்டாக்கும் இருகால் மின்காந்தமாகிய யோக்கின் இரு கால்களையும் வெல்டிங்கின் நீளவாக்கிலேயே வைத்துக்கொண்டு போனால், அதே நீளவாக்கில் ஓடும் ஓர விரிசல் தப்பிவிடும். ஆகவே ஒவ்வோர் இடத்திலும் யோக்கை முதல் நிலைக்குச் செங்குத்தாகத் திருப்பி மறுமுறை பார்ப்பது கட்டாயம். அவசரத்தில் முதலில் விடுபடுவதும் இந்தத் திருப்பந்தான்.

தகட்டின் நடுக்கனத்தில், வெல்டிங் உலோகம் பக்கச் சுவரோடு ஒட்டாமல் போன குறையை இவ்விரண்டும் காணமாட்டா. அதற்கு ஒலியை உள்ளே செலுத்தி எதிரொலியைப் பார்க்கும் அல்ட்ராசோனிக் சோதனை வேண்டும், அதிலும் ஒலியை அனுப்பும் புரோபின் கோணம் சரியாக இருக்க வேண்டும். சுவர் செங்குத்திலிருந்து 30 டிகிரி சாய்ந்திருந்தால், 60 டிகிரி புரோபின் ஒலி, புறப்பட்ட இடத்திலிருந்து ஏறத்தாழ 43 மி.மீ. தள்ளி அடிப்பரப்பில் பட்டு, மேலெழும்போது சுவரில் நேர் செங்குத்தாக மோதித் தெளிவான எதிரொலியைத் தரும். 45 டிகிரி புரோபை மட்டும் ஓட்டினால் எதிரொலி வேறு பக்கம் சிதறித் திரையில் சிறு மேடாகத் தெரியும். அதைக் கவனிக்காமல் விடுவது எளிது. எனவே அறிக்கையில் "குறை இல்லை" என்றிருந்தால், எந்தக் கோணப் புரோப், எந்தப் பக்கத்திலிருந்து என்பதையும் நான் தேடிப் படிப்பேன்.

இந்த வரிசை கார்பன் எஃகுக்கே பொருந்தும். 316 வகைத் துருப்பிடிக்காத எஃகுக் குழாயாக இருந்தால் காந்தம் பிடிக்காது, வெல்டிங் உலோகத்தின் பெரிய படிகப் பருக்கைகளோ ஒலியைச் சிதறடிக்கும். அங்கே மேற்பரப்பு விரிசலைப் பிடிப்பதில் பெரும்பங்கு சிவப்பு மருந்துக்கே உண்டு.