ஏற்றத்தில் நடந்தால் எத்தனை கலோரி?

ஹட்டனிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “காலையிலிருந்து கூட்டுகிறேன், கழுவுகிறேன், துணி துவைக்கிறேன். இதற்கு மேல் நடைப்பயிற்சியும் வேண்டுமா? சைக்கிள் ஓட்டினால் இதைவிட அதிகம் எரியுமா?”

இதை ஒப்பிட உடலியலாளர்கள் ‘மெட்’ என்ற அலகை வைத்திருக்கிறார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவிடும் சக்தி 1 மெட். ஒரு கிலோ உடல் எடைக்கு நிமிடத்துக்கு 3.5 மில்லிலீற்றர் ஒட்சிசன் என்று இதை வரையறுத்திருக்கிறார்கள். ஒரு கிலோவுக்கு மணிக்கு ஏறத்தாழ ஒரு கலோரி (கிலோகலோரியைத்தான் எல்லோரும் கலோரி என்கிறோம்). மெட் எண்ணை எடையாலும் மணிக்கணக்காலும் பெருக்கினால் கணக்கு முடிந்தது.

அமெரிக்க ஆய்வாளர்கள் 2011இல் புதுப்பித்த அட்டவணையில் பாத்திரம் கழுவுவது 1.8, கூட்டுவது 3.3, கையால் துணி துவைப்பது 4. சமதரையில் மணிக்கு ஐந்து கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவாக நடப்பது 3.5, மணிக்கு 16 முதல் 19 கிலோமீற்றர் வரை சைக்கிள் மிதிப்பது 6.8.

வாசகியின் எடை 50 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரம் பாத்திரம், அரை மணி துணி, அரை மணி விளக்குமாறு: 90, 100, 82. மொத்தம் 272 கலோரி. ஒரு மணி நேர நடைக்கோ 175தான். வீட்டு வேலை வென்றுவிட்டது என்று தோன்றும். ஆனால் அந்த இரண்டு மணி நேரமும் அவர் படுத்தே கிடந்திருந்தாலும் 100 கலோரி போயிருக்கும். ஒவ்வொரு மெட் எண்ணிலும் ஒன்றைக் கழித்துவிட்டே ஒப்பிட வேண்டும். அப்போது வேலையின் சொந்தப் பங்கு இரண்டு மணிக்கு 172, நடையின் பங்கு ஒரு மணிக்கு 125, சைக்கிளின் பங்கு 290. உடற்பயிற்சிச் செயலிகள் பல இந்தக் கழித்தலைச் செய்வதில்லை. பாத்திரம் கழுவுவது போன்ற மெல்லிய வேலைகளில்தான் இதனால் எண்ணிக்கை மிகவும் ஊதிப்போகிறது.

இவை எல்லாம் சமதரைக் கணக்கு. நம் பக்கம் சமதரைக்கு எங்கே போவது? லயத்திலிருந்து பஸ் நிற்கும் இடத்துக்குப் போய்வந்தாலே ஒரு வழி ஏற்றம்தானே. ஏற்றத்துக்கு ஒரு சூத்திரம் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது:

```
VO2 = 0.1 × S + 1.8 × S × G + 3.5
```

VO2 என்பது ஒரு கிலோ உடல் எடைக்கு நிமிடத்துக்குச் செலவாகும் ஒட்சிசன், மில்லிலீற்றரில். S என்பது நிமிடத்துக்கு எத்தனை மீற்றர் நடக்கிறோம் என்பது, G சரிவு. நூறு மீற்றர் பாதை பத்து மீற்றர் உயர்ந்தால் G = 0.1. மெதுவாக, மணிக்கு 3 கிலோமீற்றர் என்றால் S = 50. முதல் உறுப்பு 5, இரண்டாவது 9, மூன்றாவது ஓய்வின் 3.5. கூட்டினால் 17.5, அதை 3.5ஆல் வகுத்தால் 5 மெட். அதே வேகம் சமதரையில் 2.4தான். ஓய்வைக் கழித்தால் 4க்கு எதிரே 1.4, ஏறத்தாழ மூன்று மடங்கு.

அந்த 1.8 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். ஒரு கிலோவை ஒரு மீற்றர் உயர்த்த இயற்பியல் கேட்பது 9.8 யூல். 1.8 மில்லிலீற்றர் ஒட்சிசனைக் கொண்டு உடல் எரிப்பதோ சுமார் 37 யூல். அதாவது தசை செலவிட்டதில் கால்பங்கு மட்டுமே நம்மை மேலே தூக்குகிறது. முக்கால் பங்கு வெப்பமாகிறது. நுவரெலியாக் குளிரிலும் ஏற்றத்தில் சுவெற்றரைக் கழற்றுவது இதனால்தான். வியர்வையே கொழுப்பு உருகி வழிவது என்று நம்பி வயிற்றில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொள்பவர்கள் இழப்பது தண்ணீரை மட்டுமே.

பத்துக் கிலோ கொழுந்தைச் சுமந்து ஏறினால் எடையை 60 என்று வைத்துப் பெருக்கலாம், தோராயமாகச் சரிவரும். சரியாக அறிய வேண்டுமானால் கையடக்க ஒட்சிசன் அளவியை மாட்டிக்கொண்டு மலையில் ஏறிப் பார்க்க வேண்டும். பேராதனையில் அதற்கு யாராவது பணம் ஒதுக்கினால் நல்ல செலவு என்பேன்.

3.5 என்ற எண்ணும் எல்லோருக்கும் பொருந்தாது. 2005இல் வெளியான ஓர் ஆய்வில் 769 பேரின் ஓய்வை அளந்தபோது சராசரி 2.6க்கு அருகில்தான் வந்தது. அதை 3.5ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.7 மெட். ஒன்றுக்குப் பதிலாக 0.7 கழித்தால் பாத்திரம் கழுவும் பங்கு 0.8இலிருந்து 1.1க்கு உயர்கிறது; ஏற்றத்தின் 4இல் அது பெரிதாகத் தெரியாது.

இறங்கும்போது இந்தச் சூத்திரத்தை எடுக்காதீர்கள். மிதமான இறக்கத்தில் செலவு சமதரையைவிடக் குறைகிறது. செங்குத்தாகும்போது தொடைகள் பிடித்து நிறுத்த வேண்டியிருப்பதால் மீண்டும் ஏறுகிறது. சைக்கிளில் மிதிக்காமல் இறங்கினால் 6.8 செல்லாது, அது கிட்டத்தட்ட உட்கார்ந்திருப்பதுதான். மிதித்த நேரத்தை மட்டும் கணக்கில் எடுங்கள்.