கோவாவின் 973 எங்கிருந்து வந்தது?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வடகோவாவின் பாலின விகிதம் 963, தென்கோவாவுடையது 986. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 974.5. அட்டவணையிலோ மாநிலத்துக்கு 973 என்றிருக்கிறது. அச்சுப்பிழையா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

பிழையில்லை. ஆட்களைக் கூட்டலாம், விகிதங்களைக் கூட்டக் கூடாது. கோவாவுக்கு அப்போது இரண்டே மாவட்டங்கள் என்பதால் கையாலேயே போட்டுப் பார்த்துவிடலாம்.

வடகோவா: ஆண்கள் 4,16,677, பெண்கள் 4,01,331
தென்கோவா: ஆண்கள் 3,22,463, பெண்கள் 3,18,074
மாநிலம்: ஆண்கள் 7,39,140, பெண்கள் 7,19,405

பாலின விகிதம் என்பது ஆயிரம் ஆண்களுக்கு எத்தனை பெண்கள் என்பது. 7,19,405ஐ 7,39,140ஆல் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் 973.3 வரும். தென்கோவாவைவிட வடகோவாவில் ஆண்களின் எண்ணிக்கை அதிகம் என்பதால் மாநில விகிதம் 963 பக்கம் சற்றுச் சாய்கிறது. சரிபார்க்கும்போது முழு எண்களையே எடுங்கள். 4.01 லட்சம், 4.17 லட்சம் என்று சுருக்கி வகுத்தால் வடகோவாவுக்கு 962 வந்து, இல்லாத பிழை இருப்பதுபோலத் தெரியும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடம். படமாக மட்டுமே கிடைக்கும் அட்டவணையை மறுபடி தட்டச்சு செய்யும்போது (அரசு அட்டவணைகளைப் படமாக வெளியிடும் பழக்கத்தை ஒழித்தால் பாதி வேலை மிச்சம்) 4,01,331 என்பது 4,01,313 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். விகிதம் இதைக் காட்டிக்கொடுக்காது. வட்டமிட்ட பிறகு அப்போதும் அதே 963தான். அந்த மாவட்டத்தில் விகிதம் ஒரு புள்ளி நகரவே சுமார் 417 பெண்கள் கூடவோ குறையவோ வேண்டும். மாட்டிக்கொள்வது கூட்டலில்தான்: பெண்கள் 7,19,387 என்று வரும், 18 குறையும்.

அந்த 18 சும்மா வந்த எண்ணல்ல. அடுத்தடுத்த இரு இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் 9ஆல் வகுபடும். பத்தாமிடத்தில் a, ஒன்றாமிடத்தில் b இருந்தால்,

```
(10a + b) - (10b + a) = 9(a - b)
```

18ஐ 9ஆல் வகுத்தால் 2. ஆகவே கடைசி இரு இலக்கங்களுக்கு இடையே 2 வித்தியாசம் உள்ள எண்ணைத் தேடினால் போதும். 13 கண்ணில் படும். தற்செயலாகவும் ஒன்பதில் ஒரு முறை இப்படி வகுபடும் என்பதால் இதைத் துப்பாக மட்டுமே கொள்ளவேண்டும்.

வடகோவாவின் ஆண், பெண் எண்களே இடம் மாறிவிட்டால் மாவட்ட மொத்தம் 8,18,008 அப்படியே இருக்கும். ஆனால் ஆண்கள் கூட்டலில் 15,346 குறையும், பெண்கள் கூட்டலில் அதே 15,346 கூடும். விகிதமும் 1038 என்று துள்ளும்.

எல்லாம் சரியாக இருந்தும் கூட்டல் ஒத்துவரவில்லையா? அடிக்குறிப்பைப் பாருங்கள். 2001இல் மணிப்பூரின் சேனாபதி மாவட்டத்தில் மாவோ மராம், பாவோமாட்டா, புருல் ஆகிய மூன்று உட்கோட்டங்களின் கணக்கெடுப்பு முடிவுகள் ரத்தாயின. அவற்றைச் சேர்த்த மதிப்பீட்டு எண்ணை ஒரு வரிசையிலும் சேர்க்காத எண்ணை இன்னொரு வரிசையிலும் வைத்துவிட்டால், எத்தனை முறை கூட்டினாலும் கணக்கு இடிக்கும்.