கல்லாவில் 450 குறைந்தால் எங்கே தேடுவது?

நாள் முடிவில் கல்லாவில் இருக்க வேண்டிய தொகையைக் கணக்கிடுவது எளிது. காலையில் வைத்த சில்லறை இருப்புடன் ரொக்க விற்பனையைக் கூட்டி, கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுத்த செலவுகளைக் கழிக்க வேண்டும். மொத்த விற்பனை 48,730 என்றும், அதில் கார்டு வழியாக வந்தது 21,450 என்றும் வைத்துக்கொண்டால், ரொக்க விற்பனை 27,280 ஆகிறது. ஆரம்ப இருப்பு 2,000. செலவுச் சீட்டுகள் இரண்டு, 480 மற்றும் 160. எனவே கல்லாவில் 28,640 இருக்க வேண்டும்.

எண்ணுபவருக்கு இந்தத் தொகையை முன்கூட்டியே சொல்லாமல் இருப்பது நல்லது, ஏனெனில் எதிர்பார்க்கும் எண் தெரிந்துவிட்டால் கை தானாகவே அதை நோக்கி எண்ணத் தொடங்கிவிடும். அவர் எழுதித் தந்த பட்டியல் இது: 500 தாள் 41, 200 தாள் 22, 100 தாள் 24, 50 தாள் 9, 20 தாள் 11, 10 தாள் 13, நாணயங்கள் 90. கூட்டினால் 28,190, அதாவது 450 துண்டு விழுகிறது.

மதிப்புவாரியாக எழுதியதன் பயன் இங்கேதான் தெரிகிறது. எண்ணும்போது தாள் விடுபட்டிருந்தால், குறையும் தொகை பெரும்பாலும் ஒரே மதிப்பின் மடங்காக இருக்கும். இங்கே 50 தாள்கள் ஒன்பது விடுபட்டிருக்க வேண்டும்; கட்டில் இருப்பதே ஒன்பது என்பதால் அது நடந்திருக்க வாய்ப்பு குறைவு. ஆனாலும் வேறொருவர் மறுமுறை எண்ணிவிட்ட பிறகே காகிதங்களைப் புரட்ட வேண்டும்.

450 என்ற எண் 9ஆல் மீதியின்றி வகுபடுகிறது. அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் 9இன் மடங்காகவே வரும், காரணம் ஒவ்வொரு இலக்கமும் நூறிலிருந்து பத்துக்கோ பத்திலிருந்து நூறுக்கோ நகரும்போது 90இன் மடங்கில்தான் தொகை மாறுகிறது. ஆகவே 160 என்று எழுதிய சீட்டின் மூலப் பில்லை எடுத்துப் பார்க்க வேண்டும். அதில் 610 இருந்தால் குறை முழுவதும் தீர்ந்துவிடும்.

ஆனால் இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு, அதை மறந்துவிடக் கூடாது. மீதி கொடுக்கும்போது 50க்குப் பதிலாக 500 தாள் போயிருந்தாலும் வித்தியாசம் அதே 450தான், அதுவும் 9ஆல் வகுபடும். கார்டில் வந்த 450 பில்லை ரொக்கம் என்று பதிந்திருந்தாலும் இதே குறைதான் தெரியும், ஆனால் அப்போது கார்டு இயந்திரத்தின் நாள் மொத்தம் 21,450க்குப் பதிலாக 21,900 என்று காட்டும். தாள் மாறிப் போனதற்கோ எந்தக் காகிதத்திலும் தடயம் இருக்காது. பில்லும் கார்டு மொத்தமும் சரியாக இருந்தால், 450ஐக் குறையாகவே பதிவு செய்ய வேண்டும். கையிலிருந்து போட்டு நிரப்பினால், அதே நபரின் பொறுப்பில் அதே தொகை அடுத்த வாரமும் குறைவதை யாராலும் கவனிக்க முடியாமல் போய்விடும்.