நெறி கட்டினால் எத்தனை வாரம் பொறுக்கலாம்?

தொண்டைப் புண் ஆறி, காய்ச்சலும் விட்ட பிறகு, பிள்ளைக்குத் தலை வாரும்போது தாடைக் கோணத்துக்குக் கீழே கொட்டைப்பாக்கு அளவில் ஏதோ தட்டுப்படும். அழுத்தினால் வலிக்காது, விரலுக்கடியில் நழுவும். தஞ்சாவூர்ப் பக்கத்தில் 'நெறி கட்டியிருக்கு' என்பார்கள். வலி இல்லையே என்பதுதான் வீட்டாரைக் கலங்கடிக்கிறது.

அந்த இடத்திலுள்ள நிணநீர்க் கணுதான் டான்சிலிலிருந்து வரும் நிணநீரை வடிகட்டுகிறது. கிருமியின் துணுக்குகள் வந்து சேர்ந்ததும் அங்கே வெள்ளணுக்கள் பெருகும். ஓரிரு நாளில் வேகமாக வீங்குவதால் கணுவின் மேலுறை இழுபட்டு வலிக்கும். தொற்று அடங்கியதும் இழுப்பு தளர்ந்து வலி போய்விடும். பெருகிய அணுக்கள் குறையத்தான் வாரக்கணக்காகும்.

மன்னார்குடியில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்திக்கு இப்படி வந்தது என்று வையுங்கள். இரண்டாம் வாரம் கணு 1.5 செ.மீ., ரப்பர் போல மெத்தென்று அசைகிறது. பிள்ளை நன்றாகச் சாப்பிட்டு விளையாடுகிறாள். செய்ய வேண்டியது வாரம் ஒருமுறை அளந்து குறிப்பது மட்டுமே. நான்காம் வாரம் 1 செ.மீ. ஆனால் சரியான போக்கு. அதற்குப் பின் பட்டாணி அளவில் மாதக்கணக்கில் நின்றாலும் பாதகமில்லை. தினமும் நிமிண்டிப் பார்ப்பதும், மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போடுவதும் வேண்டாம். சுண்ணாம்பு தோலைப் பொத்துப் புண்ணாக்கினால், அந்தப் புண்ணுக்காகவே கணு மறுபடி வீங்கும்.

நான்கு முதல் ஆறு வாரமாகியும் வற்றவில்லை, 2 செ.மீ.க்கு மேல் வளர்கிறது, மாலைக் காய்ச்சலோ எடைக்குறைவோ இருக்கிறது என்றால் கதை வேறு. மருத்துவர் முதலில் சொத்தைப் பல்லையும், தலையில் பேன் புண்ணையும் பார்ப்பார். அங்கே காரணம் இல்லையென்றால், நம் ஊரில் அடுத்து நினைக்க வேண்டியது காசநோய். அதில் கணுக்கள் பெரும்பாலும் வலியின்றி, ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாக இருக்கும். இருமலே இல்லாமலும் வரும். மார்பு எக்ஸ்ரே எடுப்பார்கள். மெல்லிய ஊசியால் கணுவிலிருந்து அணுக்களை உறிஞ்சி, நுண்ணோக்கியிலும் காசநோய்க்கான மரபணுப் பரிசோதனையிலும் பார்ப்பார்கள். உறுதியானால் வழக்கமாக ஆறு மாத மாத்திரை. அரசு மருத்துவமனைகளில் இலவசம். சிகிச்சையின் நடுவே கணு சற்றுப் பெரிதாவதுண்டு. மருந்து கேட்கவில்லை என்று அதை நிறுத்திவிடக் கூடாது.

இந்தச் சோதனைகளுக்கு முன்பே மருந்துக்கடையில் ஸ்டீராய்டு வாங்கிக் கொடுப்பதுதான் பெரிய கெடுதல். நிணநீர்க் கணுப் புற்றாக இருந்தால் வீக்கம் தற்காலிகமாக வற்றும். பிறகு எடுக்கும் சோதனையிலும் நோய் தெரியாமல் போகலாம்.

நாற்பது தாண்டியவருக்கு, அதிலும் வெற்றிலையோடு புகையிலை போடுபவருக்கு, கல் போல அசையாத கட்டி வந்தால் வாரங்களை எண்ண வேண்டாம். அது வாயிலோ தொண்டையிலோ உள்ள புற்று பரவியதாக இருக்கலாம். காது மூக்கு தொண்டை மருத்துவர் நாக்கின் அடி, கன்னத்தின் உட்புறம் எல்லாம் பார்த்து, பிறகு ஊசிச் சோதனை செய்வார். எடுத்த எடுப்பில் கட்டியை வெட்டுவதில்லை. காறை எலும்புக்கு மேலே தட்டுப்படும் கட்டியை, எந்த வயதானாலும், சிறிதானாலும், உடனே காட்ட வேண்டும். தொண்டைப் புண்ணுக்கு அந்த இடத்தில் நெறி கட்டுவதில்லை.