கிணற்றுக்கு அனுமதி வேண்டுமா: ஒரு வாதத்தின் வலு எங்கே இருக்கிறது?

போட்டிப் பரீட்சைக்குப் படிக்கும் சாவகச்சேரி வாசகி ஒருவர் மாதிரி வினா ஒன்றை அனுப்பியிருந்தார். "சேர், நான் விவசாயி வீட்டுப் பிள்ளை. இதில் 'ஆம்' எண்டது பிழை எண்டு எனக்குத் தெரியும். பிறகு எப்படி அந்த வாதத்தை வலுவானது எண்டு விடையில போடலாம்?" என்று கேட்டிருந்தார்.

வினா இதுதான். கூற்று: யாழ்ப்பாணக் குடாநாட்டில் குழாய்க்கிணறு அடிப்பதற்கு முன் அனுமதி பெறுவதைக் கட்டாயமாக்க வேண்டுமா? வாதம் ஒன்று: ஆம், கட்டுப்பாடில்லாமல் நீர் இறைத்தால் நிலத்தடி நன்னீர் குறைந்து கடல்நீர் உட்புகும். வாதம் இரண்டு: இல்லை, எங்கள் முன்னோர் அனுமதி கேட்டுக் கிணறு வெட்டவில்லை. வாதம் மூன்று: இல்லை, அனுமதிக்குப் பல மாதங்கள் காத்திருந்தால் வெங்காயப் பயிர் காய்ந்துவிடும்.

விடை: ஒன்றும் மூன்றும் வலுவானவை, இரண்டாவது வலுவற்றது.

ஒன்றும் மூன்றும் எதிரெதிர்ப் பக்கத்தில் நிற்கின்றன, ஆனாலும் இரண்டும் வலுவானவை. வாசகி இடறியது இந்த இடத்தில்தான். இந்த வகை வினா, கூற்று சரியா பிழையா என்று கேட்பதேயில்லை. வாதம் கூற்றைத் தொடுகிறதா, தொடும் இடம் முக்கியமானதா என்ற இரண்டை மட்டுமே கேட்கிறது. குட்வின் வாட்சன், எட்வர்ட் கிளேசர் இருவரும் உருவாக்கிய புகழ்பெற்ற சிந்தனைத் திறன் சோதனையிலும் ஒவ்வொரு வாதத்தையும் உண்மை என்றே எடுத்துக்கொண்டு மதிப்பிடும்படி அறிவுறுத்துவார்கள். பல மாதம் ஆகுமா, ஒரு கிழமையில் கிடைக்குமா என்பது உங்கள் கவலை அல்ல. ஆகும் என்று வைத்துக்கொண்டால் அது அனுமதி முறையைப் பாதிக்கிறதா? பாதிக்கிறது. அவ்வளவுதான்.

இரண்டாவது வாதத்தைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். நான் மாணவருக்குச் சொல்லும் முறை எளிது: கூற்றிலுள்ள பொருளை எடுத்துவிட்டு வேறொன்றை வையுங்கள். தலைக்கவசம் கட்டாயமா? முன்னோர் அணியவில்லை. பிள்ளைக்குத் தடுப்பூசி போட வேண்டுமா? முன்னோர் போடவில்லை. வாதம் எங்கே வைத்தாலும் அப்படியே ஒட்டிக்கொள்கிறது. எல்லாக் கூற்றுக்கும் பொருந்தும் வாதம் இந்தக் கூற்றைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. இப்போது கடல்நீர் உட்புகும் என்பதைத் தலைக்கவசத்தோடு வைத்துப் பாருங்கள், உடனே உதிர்ந்துவிடும். அது கிணற்றோடும் சுண்ணாம்புக்கல் நிலத்தோடும் பிணைந்திருக்கிறது. "வேறு நாடுகளில் இருக்கிறது, ஆகவே இங்கும் வேண்டும்" என்ற வாதமும் இதே சோதனையில் விழும்.

ஆனால் பொருந்துவது மட்டும் போதாது. "ஆம், அனுமதிப் படிவம் அச்சடிப்பவர்களுக்கு வேலை கிடைக்கும்" என்பது கூற்றோடு ஒட்டியதுதான். இருந்தும், அனுமதி முறையை எதிர்க்கும் ஒருவர் இதற்குப் பதில் சொல்லாமலே கடந்து போகலாம். கடல்நீர் வாதத்துக்கு அவர் பதில் சொல்லியே ஆகவேண்டும். முக்கியம் என்பதை நான் அளப்பது இப்படித்தான்.

இனி வாசகியின் உண்மையான சிக்கலுக்கு வருகிறேன். தனக்குப் பிடித்த பக்கத்தின் வாதம் மனதுக்கு ஏன் வலுவாகத் தெரிகிறது? 1983இல் உளவியலாளர் ஜொனதன் எவன்சும் இரு சகாக்களும் வெளியிட்ட ஆய்வு இதை அழகாகக் காட்டியது. தர்க்கப்படி செல்லாத முடிவுகளை மக்களிடம் கொடுத்தார்கள். முடிவு நம்பத்தக்கதாக இருந்தபோது 71 சதவீதம் ஏற்கப்பட்டது, நம்பமுடியாததாக இருந்தபோது 10 சதவீதம்தான். செல்லாமை இரண்டிலும் ஒன்றே. பிடித்த முடிவு வந்ததும் நாம் நடுவிலுள்ள பாதையைச் சோதிப்பதில்லை, பிடிக்காத முடிவு வந்தால்தான் உற்றுப் பார்க்கிறோம். அந்த ஆய்வு தர்க்கக் கூற்றுகள் பற்றியது, வாதங்களின் வலுப் பற்றியது அல்ல. என்றாலும் வாசகியின் தடுமாற்றத்துக்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

நீரோட்டம் பார்ப்பவர் காட்டிய இடத்தில் கிணறு வெட்டித் தண்ணீர் கண்டவர்கள் அவரைப் புகழ்வதும் இதனால்தான். குடாநாட்டின் சுண்ணாம்புக்கல்லில் பல இடங்களில் எங்கே வெட்டினாலும் தண்ணீர் வரும். ஆனால் பத்தடி தள்ளி வெட்டிப் பார்த்தவர் எவருமில்லை. பிடித்த முடிவையும் சோதித்துப் பார்ப்பதைப் பாடசாலையில் ஒரு பாடமாகவே நடத்த வேண்டும் என்பது என் கருத்து.

வாசகிக்கு நான் எழுதிய வழி: முதலில் "ஆம்", "இல்லை" என்ற சொற்களை விரலால் மறையுங்கள். மீதியை வாசித்து, இது அனுமதி முறையின் விளைவைச் சொல்கிறதா என்று கேளுங்கள். பக்கம் தெரியாதபோது பக்கம் சாயவும் முடியாது. ஒரு எச்சரிக்கையும் சேர்த்தேன்: சில வினாத்தாள்களில் வாதத்தை உண்மையென்று கொள்ளும்படி சொல்லியிருக்காது. அங்கே எல்லோரும் அறிந்த உண்மைக்கு நேரெதிரான வாதம் வலுவற்றதாகவே கணிக்கப்படும். ஆகவே அறிவுறுத்தலை முதலில் வாசிக்க வேண்டும்.

மறுநாள் மூன்றாம் வாதத்தைப் பற்றி அவரிடமிருந்து பதில் வந்தது: "விரலால மறைச்சுப் பார்த்தன் சேர். அது எங்கட அப்பா சொல்லுறது எண்டு எனக்குத் தெரியேல்லை."