யூடியூப் வீடியோவுக்கு 'காப்பிரைட் க்ளெய்ம்' வந்தால்: அறிவிப்பையும் நிலையையும் எப்படி வாசிப்பது

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இந்த மாசியில் நடந்த காமன் கூத்தை, எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் முழுதாகப் படம் பிடித்து யூடியூபில் போட்டார். 42 நிமிட வீடியோ. இரண்டு நாள் கழித்து குவைத்தில் வேலை செய்யும் அவருடைய சித்தி கோல் எடுத்து, "இங்கே திறக்க மாட்டேங்குதே" என்றிருக்கிறார். இங்கே ஹட்டனில் எல்லோருக்கும் ஓடுகிறது, அங்கே மட்டும் ஓடவில்லை. மெயிலைப் பார்த்தால் காப்பிரைட் அறிவிப்பு. பயந்துபோய் வீடியோவையே அழிக்கப் போனவரை நிறுத்தி, இரண்டு பேருமாக உட்கார்ந்து அதை வாசித்தோம்.

முதலில் வந்திருப்பது க்ளெய்மா, ஸ்ட்ரைக்கா என்று பார்க்க வேண்டும். க்ளெய்ம் என்பது உரிமைகோரல். பாடல் நிறுவனங்களும் படநிறுவனங்களும் தங்கள் பதிவுகளை யூடியூபிடம் கொடுத்து வைத்திருக்கின்றன. கன்டென்ட் ஐடி என்ற தானியங்கி முறை நம் வீடியோவை அவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கும். ஏதாவது பொருந்தினால், உரிமையாளர் முன்பே சொல்லி வைத்தபடி மூன்றில் ஒன்று நடக்கும்: விளம்பரப் பணம் அவருக்குப் போகும், அல்லது வீடியோ சில நாடுகளிலோ எல்லா நாடுகளிலுமோ மறைக்கப்படும், அல்லது யார் யார் பார்க்கிறார்கள் என்று அவர் கவனிக்க மட்டும் செய்வார். க்ளெய்மால் பொதுவாகச் சேனலுக்குத் தண்டனை இல்லை. அந்த ஒரு வீடியோவோடு அது முடிந்துவிடும்.

ஸ்ட்ரைக் வேறு. உரிமையாளர் சட்டப்படி எழுதிக்கொடுத்து வீடியோவை நீக்கச் சொன்னால் வருவது அது. 90 நாள் நிற்கும். மூன்று சேர்ந்தால் சேனலே போய்விடும். வீடியோவை அழித்தாலும் ஸ்ட்ரைக் அழியாது. க்ளெய்ம் மட்டும் வந்திருக்கும்போது வீடியோவை அழித்தால் க்ளெய்ம் போய்விடும், உண்மைதான். ஆனால் வந்த பார்வைகளும் கருத்துகளும் அதோடு போய்விடும். பதற்றத்தில் நம் பிள்ளைகள் அதிகமும் செய்யும் தவறு இதுதான்.

மெயிலை வாசித்தது போதாது, உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். போனைவிடக் கம்பியூட்டரில் பார்ப்பது நல்லது. யூடியூப் ஸ்டூடியோவில் Content என்ற பகுதியைத் திறந்தால் ஒவ்வொரு வீடியோவுக்கும் நேரே Restrictions என்ற நிரல் இருக்கும். அதில் Copyright என்று இருந்தால், அதன் மேல் சுட்டியை வைத்து See details அழுத்துங்கள். எந்தப் பதிவோடு பொருந்தியது, எத்தனையாவது நிமிடத்தில், கோருவது யார், அதனால் வீடியோவுக்கு என்ன ஆகிறது என்ற நான்கும் அங்கே தெரியும். ஒரே வீடியோவில் பல க்ளெய்ம் இருக்கலாம். ஒவ்வொன்றையும் தனித்தனியாகத்தான் தீர்க்க வேண்டும்.

தம்பியின் வீடியோவில் இரண்டு இருந்தன. முதலாவது 18:05 முதல் 19:47 வரை. அந்த இடத்தைப் போட்டுக் கேட்டோம். கூத்து தொடங்க முன் சனம் கூடும் நேரத்தில் கோயில் ஒலிபெருக்கியில் பழைய சினிமாப் பாட்டு ஒன்று ஓடியிருக்கிறது. சித்தியின் நாட்டில் வீடியோவை மறைத்தது அந்தப் பாட்டுதான். இரண்டாவது 31:10 முதல் 31:52 வரை. அங்கே தப்பு மேளத்தின் அடி மட்டும்தான். யாரோ வெளியிட்ட தாள இசைப் பதிவு ஒன்றோடு அது பொருந்திவிட்டது.

முதலாவது நியாயமான க்ளெய்ம். பாட்டைப் போட்டது கோயில்காரர்தான், நாமில்லை என்று சொல்லிப் பயனில்லை, அது நம் வீடியோவில் பதிந்திருக்கிறது. இதற்கு அந்தப் பகுதியை வெட்டலாம், பாட்டின் ஒலியை மட்டும் நிறுத்தலாம், அல்லது வேறு பாட்டு மாற்றலாம். பாட்டை மட்டும் நிறுத்தும் வசதி எப்போதும் சரியாக வேலை செய்யாது, கூடவே கேட்கும் பேச்சையும் இழுத்துக்கொண்டு போகும். அந்த இடத்தில் கூத்து இன்னும் தொடங்காததால் தம்பி பேசாமல் வெட்டிவிட்டார். வெட்டியது பதிவாகிச் சில மணி நேரத்தில் அந்த க்ளெய்ம் தானாகவே நீங்கியது. சித்தியும் அன்றிரவே பார்த்துவிட்டார்.

இரண்டாவதை விடக் கூடாது என்பது என் எண்ணம். அந்தத் தப்பை அடித்தது அந்தத் தோட்டத்து ஆட்கள், பதிவு செய்தது தம்பி. இதற்குத்தான் Dispute, அதாவது மறுப்பு. காரணத்தைத் தேர்ந்து, நடந்ததைச் சுருக்கமாக எழுத வேண்டும். தம்பி எழுதியது: "இது எங்கள் தோட்டத்தில் நேரில் பதிவு செய்த கூத்து. க்ளெய்ம் வந்த பகுதியில் கேட்கும் தப்பு அங்கேயே அடிக்கப்பட்டது, அடிப்பவர்கள் படத்தில் தெரிகிறார்கள். வேறு பதிவு எதையும் சேர்க்கவில்லை." இவ்வளவு போதும். 'இது பழைய நாட்டார் கலை, யாருக்கும் உரிமை இல்லை' என்று மட்டும் எழுதுவது பலவீனம். பாட்டும் அடியும் பழையதாக இருக்கலாம், ஆனால் ஒருவர் செய்த ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை உண்டு. அவருடைய பதிவை நாம் எடுக்கவில்லை என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

மறுப்பு போட்டபின் நிலையை வாசிப்பது எளிது. அடுத்து யார் செய்ய வேண்டும், எந்தத் திகதிக்குள் என்ற இரண்டை மட்டும் பாருங்கள். மறுப்பு பரிசீலனையில் என்றால் முறை எதிர்த்தரப்புடையது. அவர்களுக்கு 30 நாள். அதற்குள் க்ளெய்மைக் கைவிடலாம், மறுப்பை நிராகரிக்கலாம், வீடியோவை நீக்கக் கோரலாம். ஒன்றும் செய்யாவிட்டால் க்ளெய்ம் காலாவதியாகிவிடும். தம்பிக்கு க்ளெய்ம் வந்தது மார்ச் 4, மறுத்தது மார்ச் 6, ஆகவே கெடு ஏப்ரல் 5. இடையில் தினமும் போய்ப் பார்த்துக் கவலைப்படத் தேவையில்லை.

பணம் வரும் சேனல் என்றால் இன்னொரு திகதியும் முக்கியம். க்ளெய்ம் வந்து 5 நாளுக்குள் மறுத்தால், முதல் நாளிலிருந்தே வருமானம் தனியாக வைக்கப்பட்டு, முடிவில் வென்றவருக்குப் போகும். 5 நாள் தாண்டி மறுத்தால், மறுத்த நாளிலிருந்துதான் தனியாக வைக்கப்படும். அதற்கு முந்தியது கோரியவருக்குப் போய்விடும்.

நிராகரிக்கப்பட்டது என்று வந்தால் முறை நம்முடையது. அப்பீல் செய்யலாம், அதற்குப் பதில் சொல்ல எதிர்த்தரப்புக்கு 7 நாள். இந்த இடத்தில்தான் யோசிக்க வேண்டும். அப்பீலையும் ஏற்காவிட்டால் அவர்கள் நீக்கக் கோரலாம், அது ஸ்ட்ரைக்காக முடியும். சில வேளை நீக்கத்துக்கு 7 நாள் தவணை வைப்பார்கள். அந்த 7 நாளுக்குள் அப்பீலைத் திரும்பப் பெற்றால் ஸ்ட்ரைக் வராது, பழைய க்ளெய்ம் மட்டும் நிற்கும். உங்கள் பக்கம் சந்தேகம் இருந்தால் அந்தத் தவணையைப் பயன்படுத்துங்கள். சந்தேகமே இல்லை என்றால் நீக்கத்துக்குப் பிறகும் எதிர் அறிவித்தல் கொடுக்க வழி உண்டு. ஆனால் அது சட்ட விஷயம், உங்கள் பெயரும் முகவரியும் மறுதரப்புக்குப் போகும். தெரிந்த ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுவிட்டே அதைச் செய்யுங்கள்.

தம்பிக்கு அவ்வளவு தூரம் போகவில்லை. 30 நாளும் எதிர்த்தரப்பிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஏப்ரல் 6 காலையில் பார்த்தபோது Restrictions நிரலில் Copyright என்ற சொல்லே இல்லை. அந்தத் தப்பு அடி அப்படியே கேட்கிறது.